வெளியே கிடக்கும் நம் சரக்கு: ஜாப் ஒர்க் கூடங்களிலும் ஏஜெண்டுகளிடமும் உள்ள ஸ்டாக்கைத் தணிக்கை செய்வது பற்றிய கேள்விகள்

திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பின்னலாடை நிறுவனங்களின் ஆண்டுக் கணக்கைப் பார்க்கும் தணிக்கைக் குழுவினரும், அந்த நிறுவனங்களின் கணக்காளர்களும் மார்ச் மாதத்தில் கேட்கும் கேள்விகள் இவை. நூல் வாங்கியவரின் கையில் நூல் தங்குவதே இல்லை. நிட்டிங், சாய ஆலை, காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஊர் சுற்றிவிட்டுத்தான் துணியாகத் திரும்புகிறது. அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அந்தத் தொழிலிலிருந்தே வருகின்றன.

மார்ச் 31 அன்று எங்கள் கிடங்கில் இருப்பதை எண்ணிவிட்டோம். வெளியே கொடுத்திருப்பதை ஏன் எங்கள் ஸ்டாக்கில் காட்ட வேண்டும்?

சரக்கு எந்தக் கூரையின் கீழ் இருக்கிறது என்பது வேறு, அது யாருடையது என்பது வேறு. சாய ஆலைக்குப் போன துணியை ஆலைக்காரர் வாங்கவில்லை. அவருக்கு உரியது சாயக் கூலி மட்டுமே. துணி எரிந்தாலும் விலை சரிந்தாலும் அந்த இழப்பு உங்களைச் சேரும். ஆகவே அது உங்கள் ஸ்டாக். இதே காரணத்தால், உங்கள் கிடங்கில் இருந்தும் உங்களுடையதல்லாத சரக்கும் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

எல்லா ஜாப் ஒர்க்கர்களிடமும் கையெழுத்திட்ட கடிதம் வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறோம். ஆடிட்டர் ஏன் ஏற்க மறுக்கிறார்?

கடிதத்தை யார் எழுதி, யார் அனுப்பி, யார் கையில் பதில் வந்தது என்பதைப் பொறுத்தே அதற்கு மதிப்பு. உங்கள் கணக்காளர் அளவைத் தட்டச்சு செய்து, 'கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் அண்ணா' என்று வாங்கி வந்த தாளில் இருப்பது உங்கள் கணக்கின் நகல்தான். கூலிப் பாக்கிக்காகக் காத்திருக்கும் ஜாப் ஒர்க்கர், நீட்டிய இடத்தில் கையெழுத்திடுவார்.

வெளிக் கடிதங்களுக்கான தணிக்கைத் தரம் எஸ்.ஏ. 505 கேட்பது இதற்கு நேர்மாறானது. கடிதம் உங்கள் லெட்டர்ஹெட்டில், உங்கள் கையெழுத்தோடு இருக்கலாம். ஆனால் அதை அஞ்சலில் சேர்ப்பவரும் பதிலை நேரடியாகப் பெறுபவரும் ஆடிட்டராக இருக்க வேண்டும். முகவரியையும் உங்கள் பட்டியலிலிருந்து அப்படியே எடுக்காமல், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்தப் பதிவு எண்ணுக்கு எதிரே உள்ள முகவரியோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

அளவை நிரப்பி அனுப்பாமல், கட்டத்தைக் காலியாக விட்டு அவரையே நிரப்பச் சொல்வதுதான் சரி என்பது என் கருத்து. பதில்கள் குறைவாகத்தான் வரும், உண்மைதான். வருகிற பதிலிலாவது அவருடைய கணக்கு இருக்கும். அளவோடு சேர்த்து இன்னும் சிலவற்றையும் கேளுங்கள். சரக்கு எந்த நிலையில் இருக்கிறது: நூலா, கிரே துணியா, சாயமேறிய துணியா? சொல்லும் எடை கிரே எடையா, முடிந்த எடையா? சேதமான, ஷேடு தவறிய, ஆறு மாதத்துக்கு மேல் அசையாத லாட் ஏதேனும் உண்டா? கூலிப் பாக்கிக்காகப் பிடித்து வைத்திருக்கிறாரா? வேறு கூடத்துக்கு மாற்றியிருக்கிறாரா?

அவர் சொன்ன அளவுக்கும் எங்கள் கணக்குக்கும் 1,250 கிலோ வித்தியாசம். இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இங்கேதான் தணிக்கையே தொடங்குகிறது. ஒரு மாதிரிக் கணக்கை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம்.

நிறுவனத்தின் கணக்குப்படி சாய ஆலையில் 8,400 கிலோ கிரே துணி. ஆலையிலிருந்து வந்த கடிதத்தில் 7,150 கிலோ. எடுத்த எடுப்பில் இதைத் திருட்டு என்று பேசுவதும் தவறு, 'புராசஸ் லாஸ் சார்' என்று மூடுவதும் தவறு. சரக்கோடு போகும் டெலிவரி சலான், அதாவது டி.சி.: இரண்டு தரப்பின் டி.சி. புத்தகங்களையும் வரிசை எண்படி பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

வைத்ததும் முதலில் தெரிவது 800 கிலோ. இந்த லாட் சாயமேறி, மார்ச் 30 அன்று ஆலையின் டி.சி.யிலேயே நேராகக் காம்பாக்டிங் கூடத்துக்குப் போயிருக்கிறது. ஒரு ஜாப் ஒர்க்கரிடமிருந்து இன்னொருவருக்கு நேரடியாக அனுப்ப ஜி.எஸ்.டி. விதி இடம் கொடுக்கிறது. டி.சி.யை முதல் ஜாப் ஒர்க்கரே போடலாம். அதன் பிரதி நிறுவனத்துக்கு ஏப்ரல் 3 அன்றுதான் வந்தது. அதனால் கணக்கில் துணி இன்னும் சாய ஆலையிலேயே நிற்கிறது.

அடுத்தது 180 கிலோ. மீதமுள்ள துணியில் 3,000 கிலோ சாயமேறி முடிந்துவிட்டது. ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்ட எடை இழப்பு 6 சதவீதம். துணி திரும்பி வரும்வரை நிறுவனம் அதைக் கிரே எடையில் 3,000 என்று வைத்திருக்கிறது. ஆலை தராசில் போட்டு 2,820 என்று சொல்கிறது. இருவரும் சொல்வது உண்மை. இருவர் பேசும் எடைதான் வேறு வேறு.

எஞ்சியது 270 கிலோ. ஆலைக்காரர் 'அனுப்பிவிட்டோம்' என்கிறார். அவருடைய புத்தகத்தில் டி.சி. நகல் இருக்கிறது, ஆனால் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து இல்லை. நிறுவனத்தின் கேட் பதிவேட்டில் அந்த நாளில் அந்த வண்டி இல்லை. காம்பாக்டிங் கூடத்திலும் இல்லை.

இப்போது பண மதிப்பு. 800 கிலோ துணி காம்பாக்டிங் கூடத்தின் பதிலில் 752 கிலோவாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இடம் மட்டுமே மாறியது, 48 கிலோ எடை இழப்பு. அதையும் முந்தைய 180 கிலோவையும் சேர்த்து 228 கிலோ. இது தொழிலில் வழக்கமாக ஏற்படும் இழப்பு. இதற்காக மதிப்பைக் குறைக்கத் தேவையில்லை. அந்த விலையை மிச்சமுள்ள துணி சுமக்கும், அதாவது கிலோ அடக்கவிலை ஏறும். 270 கிலோ அப்படியல்ல. கிலோ 340 ரூபாய் என்றால் 91,800 ரூபாய். அது ஸ்டாக்கில் இருக்க முடியாது. ஆலையிடமிருந்து வசூலாகும் என்று உறுதியான ஆதாரம் இருந்தால் வரவேண்டிய தொகையாகக் காட்டலாம், இல்லையென்றால் நஷ்டம். கூலிப் பில்லில் பிடித்தம் செய்ய ஆலைக்காரர் எழுத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறாரா என்பதே இங்கு உரைகல்.

மூன்று துண்டுகளையும் கூட்டினால் 1,250 வருகிறது. ஆனாலும் ஒரு எச்சரிக்கை. வித்தியாசத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி எடை இழப்புச் சதவீதத்தை வளைத்துக்கொள்ளும் பழக்கம் கணக்கு அறைகளில் உண்டு. 6 சதவீதம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அந்த வருடம் முடிந்த லாட்களின் உண்மையான எடையும் அதை ஒட்டியே இருக்க வேண்டும். ஒரே ஆலையில் ஒரே ரகத் துணிக்கு ஒரு லாட்டில் 5, இன்னொரு லாட்டில் 9 என்று வந்தால், அந்த 9-ன் காகிதங்களை எடுத்துப் பாருங்கள்.

கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. என்ன செய்வது?

நினைவூட்டுங்கள். அதற்கும் பதிலில்லை என்றால், மார்ச் 31-க்குப் பிறகு அந்தச் சரக்கு என்ன ஆனது என்று தொடர்ந்து பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் துணி திரும்பி வந்து, கேட் பதிவிலும் தர ஆய்விலும் கூலிப் பில்லிலும் அதே லாட் எண் இருந்தால், மார்ச் 31 அன்று அது அங்கே இருந்தது என்பதற்கு நல்ல ஆதாரம். கடிதத்தைவிட இது வலுவானது என்றே நான் சொல்வேன். அதுவரை திரும்பாமலே இருப்பதைப் பார்க்க நேரில் போகத்தான் வேண்டும்.

சாய ஆலைக்கு நேரில் போனேன். எல்லாம் ஈரமாக, மெஷினுக்குள் கிடக்கிறது. எதை எண்ணுவது?

ஈரத் துணியை எடை போட்டால் தண்ணீரையும் சேர்த்து எடை போடுவீர்கள். ஆகவே அதைத் தராசில் ஏற்ற வேண்டாம். மெஷினில் ஓடும் துணியைக் காட்டச் சொல்லவும் முடியாது, கதவைத் திறந்தால் லாட் கெட்டுவிடும்.

ஒவ்வொரு மெஷினிலும் ஒரு லாட் கார்டு தொங்கும். பார்ட்டி பெயர், லாட் எண், ரோல் எண்ணிக்கை, கிரே எடை, ஷேடு அதில் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு நேராக ஆய்வகத்துக்குப் போய், அந்த லாட்டின் ரெசிபி சீட்டைக் கேளுங்கள். சாயப்பொடியின் அளவு துணி எடையில் இத்தனை சதவீதம் என்றுதான் கணக்கிடப்படுகிறது. ஆகவே எடை அந்தச் சீட்டில் இருந்தே ஆக வேண்டும். ஆடிட்டருக்காக அதைத் திருத்தி எழுத எந்த டையிங் மாஸ்டரும் துணிய மாட்டார். எடையில் தவறினால் ஷேடு தவறும், லாட் திரும்பி அவர் தலையில் விழும். என் கண்ணில், சாய ஆலையில் கிடைக்கும் ஆவணங்களில் இதற்கு ஈடு இல்லை.

உலர்ந்த துணியைத் தாராளமாக எடை போடலாம். தராசில் எடையளவுத் துறையின் நடப்பு முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். டிரையரிலிருந்து இறங்கிய சூட்டோடு போட்ட எடை சற்றுக் குறைவாகவும், காற்றில் கிடந்தபின் சற்று அதிகமாகவும் இருக்கும். பருத்தி காற்றிலிருந்து ஈரம் வாங்கும். வணிகத்தில் பருத்திக்கு ஏற்றுக்கொண்ட ஈர அளவு 8.5 சதவீதம். ஓரிரு சதவீத ஏற்ற இறக்கத்துக்காக யாரையும் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து, வேறு பார்ட்டியின் துணியை உங்களுடையதாகக் காட்டிவிடுவது. கிரே ரோல்கள் எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ரோலின் முனையில் மார்க்கரால் எழுதிய எண்ணை லாட் கார்டோடும், ஆலையின் உள்வரவுப் பதிவேட்டோடும் ஒப்பிடுங்கள். தரையிலிருந்து சில ரோல்களை எடுத்துப் பதிவேட்டுக்குப் போங்கள், பதிவேட்டிலிருந்து சில எண்களை எடுத்துத் தரைக்கு வாருங்கள். ஒரு வழியில் மட்டும் போனால் பாதி உண்மைதான் தெரியும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கூடங்கள் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் எண்ண ஆள் அனுப்புங்கள். காலையில் இங்கே எண்ணிய ரோல் மதியம் அங்கே இருக்கக் கூடாது.

நிட்டிங் கூடத்தில் மீதி நூல் 900 கிலோ இருக்கிறது. எடை சரி. அப்படியே மதிப்பிடலாமா?

பைகளைத் திறக்கச் சொல்லுங்கள். உடையாத பை என்றால் மில்லின் சீட்டு, லாட் எண், நிகர எடை எல்லாம் இருக்கும், கவலையில்லை. ஆனால் 'மீதி நூல்' என்பது பெரும்பாலும் பத்துப் பதினைந்து பழைய ஆர்டர்களின் உதிரிக் கோன்கள். வெவ்வேறு மில், வெவ்வேறு லாட் நூல்களைக் கலந்து பின்னினால் சாயமேறும்போது துணியில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஆகவே ஏற்றுமதி ஆர்டருக்கு அது உதவாது. கிலோ கணக்கில் எல்லாம் சரியாக இருக்கும், ரூபாய்க் கணக்கில் பாதிகூடத் தேறாது. லாட் வாரியாகப் பிரித்து, ஒரு சிறு ஆர்டருக்காவது போதாத லாட்களை உள்ளூரில் விற்றால் என்ன கிடைக்குமோ அந்த விலைக்கு இறக்க வேண்டும். ஜாப் ஒர்க்கரின் கடிதம் இதைச் சொல்லவே சொல்லாது.

மும்பை ஏஜெண்டுக்கு அனுப்பிய சரக்குக்கு ஜி.எஸ்.டி. பில் போட்டு வரியும் கட்டிவிட்டோம். அது விற்பனைதானே?

வரிச் சட்டத்துக்கு அது சப்ளை. உங்கள் லாப நஷ்டக் கணக்குக்கு அது இன்னும் விற்பனை ஆகவில்லை. ஏஜெண்ட் தன் பெயரில் பில் போட்டு விற்பவராக இருந்தால், உங்களிடமிருந்து அவருக்குச் சரக்கு போவதையே சப்ளையாகக் கருதி வரி கேட்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் முதலாம் அட்டவணை. பில் போட்டதும் கணக்கு மென்பொருள் அதை விற்பனைத் தலைப்பில் தானாகவே ஏற்றிவிடுகிறது. யாரும் ஏமாற்ற நினைக்காமலே கணக்கு தவறாகிவிடுவது இப்படித்தான்.

2,000 பெட்டி பனியன் பிப்ரவரியில் போகிறது. அடக்கவிலை பெட்டிக்கு 900, பில் விலை வரி நீங்கலாக 1,200. மார்ச் 31 வரை ஏஜெண்ட் விற்றது 850. மீதி 1,150 பெட்டி உங்கள் ஸ்டாக். அதை விற்பனையாக விட்டுவிட்டால் விற்பனை 13,80,000 ரூபாய் கூடுதலாகவும், ஸ்டாக் 10,35,000 ரூபாய் குறைவாகவும், லாபம் 3,45,000 ரூபாய் கூடுதலாகவும் தெரியும். கட்டிய வரி கட்டியதுதான். ஜி.எஸ்.டி. விற்றுமுதலுக்கும் கணக்கு விற்றுமுதலுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை வருடாந்திர ஒப்பீட்டில் காட்டிக்கொள்ளலாம்.

கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவுடன் 'இவர் வாடிக்கையாளர் அல்ல, ஏஜெண்ட்' என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். பணம் வரும் விதத்தைப் பாருங்கள். பில் தொகைக்குப் பொருந்தாமல், மாதத்துக்கு ஒருமுறை, கமிஷனும் வண்டி வாடகையும் கழித்துக்கொண்டு வருகிறதா? விற்காதது ஏப்ரலில் கிரெடிட் நோட்டோடு திரும்புகிறதா? ஒப்பந்தத்தில் விலையை நீங்கள் நிர்ணயிக்கிறீர்களா, விற்காததை அவர் திருப்பித் தரலாமா? இவற்றுக்கு 'ஆம்' என்றால் பில்லின் தலைப்பு என்னவாக இருந்தாலும் அது உங்கள் சரக்கு. அப்போது ஏஜெண்ட் தரும் விற்பனை அறிக்கையின் கடைசி இருப்பையும், வருடம் முடிந்தபின் வந்த அறிக்கைகளையும் சேர்த்துப் பாருங்கள். மார்ச்சில் விற்றதை ஏப்ரல் அறிக்கையில் தள்ளிவிடும் ஏஜெண்டுகள் உண்டு.

சரக்கு எங்களுடையதுதான். கேட்டால் திருப்பித் தந்துவிடுவார்கள் அல்லவா?

கூலி பாக்கி இல்லை என்றால் தருவார்கள். துணிமேல் வேலை செய்தவர், அந்த வேலைக்கான கூலி வரும்வரை அதைப் பிடித்து வைத்துக்கொள்ள இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170 உரிமை தருகிறது. பிரிவு 171-ன்படி, சரக்கைக் கையில் வைத்து விற்கும் கமிஷன் ஏஜெண்டுக்கு இன்னும் அகலமான உரிமை. மாறாக ஒப்பந்தம் இல்லையென்றால், பொதுவான கணக்குப் பாக்கிக்காகவும் அவர் பிடிக்கலாம். உரிமை உங்களுடையதாகவே இருக்கும், சரக்கு மட்டும் வராது. கூலிப் பாக்கி பெரிதாக இருக்கும் கூடங்களை முதலில் பாருங்கள். அதே சரக்கைக் காட்டி வங்கியில் கடன் வாங்கியிருந்தால், வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் அறிக்கையில் அது எங்கே இருப்பதாகச் சொல்லியிருக்கிறது என்றும் பாருங்கள். கிடங்கில் இருப்பதாக எழுதியிருப்பார்கள், துணி பெருந்துறையில் இருக்கும்.

எங்கள் கிடங்கில் பிறர் சரக்கும் இருக்கிறது. அதற்கு என்ன?

வாங்குபவர் அனுப்பிய லேபிள், பட்டன், சில நேரம் துணியே கூட உங்களிடம் இருக்கும். எண்ணும் நாளில் தனியே அடுக்கி, தனிச் சீட்டு ஒட்டி, உங்கள் எண்ணிக்கைத் தாளில் 'பிறருடையது' என்று எழுதுங்கள். ஆடிட்டர் அந்தச் சரக்குக்கு உரியவரிடமும் கடிதம் கேட்கலாம்.

ஒரு வருடத்துக்கு மேல் ஜாப் ஒர்க்கரிடம் கிடக்கும் துணி இருக்கிறது. ஸ்டாக்கில் வைக்கலாமா?

வைக்கலாம், இருந்தால். ஆனால் வரி வேறொரு கணக்குப் போடும். மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் பிரிவு 143-ன்படி மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் அல்லது அங்கிருந்தே விற்கப்பட வேண்டும். ஆணையர் மேலும் ஒரு வருடம் நீட்டிக்கலாம். கெடு தாண்டினால், அனுப்பிய நாளிலேயே சப்ளை செய்ததாகக் கருதி வரியும் வட்டியும் வரும். அந்த வரிக்கு ஒதுக்கீடு செய்திருக்கிறார்களா என்பது ஒரு கேள்வி. ஒரு வருடமாக ஒரு துணி அங்கே ஏன் கிடக்கிறது என்பது இன்னொரு கேள்வி. பதில் பெரும்பாலும் 'ஷேடு தவறிவிட்டது' அல்லது 'ஆர்டர் ரத்து' என்று வரும். இரண்டுமே மதிப்பைக் குறைக்கும் பதில்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஐ.டி.சி.-04 படிவம் உதவும். ஜாப் ஒர்க்குக்குப் போனதும் வந்ததும் டி.சி. வாரியாக அதில் இருக்க வேண்டும். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மற்றவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை. படிவத்தில் திரும்பி வந்ததாகக் காட்டிவிட்டு ஸ்டாக் கணக்கில் இன்னும் வெளியே இருப்பதாக வைத்திருந்தால், இரண்டில் ஒன்று பொய்.

பொதுக் கிடங்கில் வைத்திருக்கிறோம், கிடங்கு ரசீது இருக்கிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

2013 ஜூலையில் நேஷனல் ஸ்பாட் எக்ஸ்சேஞ்சில் வர்த்தகம் நின்றபோது, சுமார் 5,600 கோடி ரூபாய் பாக்கி நின்றது. கிடங்குகளில் இருப்பதாகக் காகிதத்தில் சொல்லப்பட்ட சரக்கில் பெரும்பகுதி அங்கே இல்லை. அதற்கும் முன்னால், 1938-ல் அமெரிக்காவில் வெடித்த மெக்கெசன் அண்ட் ராபின்ஸ் மோசடியில், கனடா கிடங்குகளில் இருப்பதாகக் காட்டப்பட்ட மருந்துச் சரக்கு இருக்கவே இல்லை. ஆடிட்டர்கள் காகிதத்தைப் பார்த்தார்கள், சரக்கைப் பார்க்கவில்லை. ஸ்டாக் எண்ணும்போது ஆடிட்டர் உடனிருக்க வேண்டும் என்ற வழக்கம் அமெரிக்காவில் 1939-ல் விதியானதற்கு அதுவே காரணம்.

ரசீதை ரசீதாகவே பாருங்கள். கிடங்குக்காரர் யார், உங்கள் நிறுவன இயக்குநர்களுக்கு உறவா, கிடங்கு ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு உண்டா, மாதவாடகை உண்மையில் கட்டப்படுகிறதா? வாடகையே கட்டாத கிடங்கில் சரக்கு இருப்பதாகச் சொன்னால் வண்டி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நாற்பது ஜாப் ஒர்க்கர்கள் இருக்கிறார்கள். எல்லா இடத்துக்கும் போக முடியுமா?

முடியாது, தேவையும் இல்லை. வெளியே உள்ள சரக்கு கணிசமாக இருந்தால் கடிதம், நேரடி ஆய்வு, அல்லது இரண்டும் என்றுதான் எஸ்.ஏ. 501 சொல்கிறது. மதிப்பில் பெரிய ஐந்தாறு கூடங்கள், பதில் தராதவை, இயக்குநரின் உறவினர் நடத்துபவை, ஒரு வருடம் தாண்டிய லாட் வைத்திருப்பவை ஆகியவற்றை எடுங்கள். மிச்சத்துக்குக் கடிதமும், மார்ச் 31-க்குப் பிறகு திரும்பி வந்த சரக்கைப் பார்ப்பதும் போதும். நிறுவனமே வருடத்தில் எத்தனை முறை அங்கே போய் எண்ணியது என்றும் கேளுங்கள். கம்பெனி ஆடிட்டரின் அறிக்கைக்கான ஆணையான காரோ 2020-ன்படி, நிர்வாகம் ஸ்டாக்கை நியாயமான இடைவெளியில் சரிபார்த்ததா, சரிபார்த்த முறை தகுந்ததா, ஒரு வகைச் சரக்கில் மொத்த வித்தியாசம் 10 சதவீதத்தையோ அதற்கு மேலோ தொட்டதா என்று ஆடிட்டர் எழுத வேண்டியிருக்கிறது. 'ஜாப் ஒர்க்கர்கள் எல்லாம் நமக்குத் தெரிந்தவர்கள்தான்' என்ற பதிலை அந்தப் பத்தியில் எழுத முடியாது.